160 ஜோடி கம்பூட்ஸ், ஆறு கடைகள்: யாருக்கு எவ்வளவு?

நீலகிரியில் ஜூன் மாதம் கம்பூட்ஸ் இல்லாத செருப்புக் கடைக்குள் யாரும் இரண்டாம் முறை வருவதில்லை. கொழுந்து பறிக்கப் போகும் பெண்களுக்கு அட்டைக்கடிக்கும் சேற்றுக்கும் அதுதான் காப்பு. கேரட் கழுவும் இடத்தில் நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்பவருக்கும் அதுதான். மழை இறங்கிய முதல் வாரத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள். கம்பெனியோ அதே வாரத்தில்தான் "இந்த முறை பாதி லோடுதான் சார்" என்று சொல்லும்.

குன்னூரில் குடோன், மலை முழுக்க ஆறு கிளைக் கடைகள் என்று ஒரு செருப்பு வியாபாரத்தை எடுத்துக்கொள்வோம். சரக்குப் பங்கிடுவது என் அன்றாட வேலை என்பதால், பென்சிலால் போட்டுப் பார்க்கும்படி எண்களை முழுசாக்கி வைத்திருக்கிறேன். ஜூன் தொடக்கத்தில் வந்திருப்பது 16 பெட்டி. பெட்டிக்கு 10 ஜோடி, ஆக 160 ஜோடி. அடுத்த லோடு நான்கு வாரம் கழித்து. ஆறு கடைகளும் சேர்த்துக் கேட்டிருப்பது 400 ஜோடி.

| கடை | கேட்டது | கையிருப்பு | நாளொன்றுக்கு விற்பது |
|---|---|---|---|
| கூடலூர் | 100 | 6 | 3 |
| பந்தலூர் | 60 | 0 | 2 |
| மஞ்சூர் | 30 | 10 | 1 |
| ஊட்டி | 100 | 20 | 2 |
| குன்னூர் | 80 | 24 | 1½ |
| கோத்தகிரி | 30 | 20 | ½ |

கடைசிப் பத்தியில் இருப்பது சரக்கு கையில் இருந்தால் ஜூனில் உண்மையாக விற்கக்கூடிய வேகம். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இந்த வேலையின் பாதி. அதைப் பிறகு சொல்கிறேன். ஆறு கடையும் சேர்ந்து நாளைக்கு 10 ஜோடி விற்கும். நான்கு வாரத்துக்கு 280 வேண்டும். கடைகளில் இருக்கும் 80, வந்த 160, ஆக 240தான் உண்டு. எப்படிப் பங்கிட்டாலும் 40 ஜோடிக்கு ஆள் திரும்பிப் போகத்தான் செய்வார்கள்.

முறைகளை ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். "நியாயம்" என்று மட்டும் சொன்னால் ஆறு கிளை மேனேஜர்களும் ஆறு நியாயம் சொல்வார்கள். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அடுத்த லோடு வந்து இறங்கும் நாளில், ஏதாவது ஒரு கடையில் விற்காமல் நிற்பது எத்தனை ஜோடி? அப்படி ஓரிடத்தில் நிற்கும் ஒவ்வொரு ஜோடிக்கும் வேறோர் ஊரில் ஒருவர் இல்லை என்று கேட்டுத் திரும்பியிருப்பார். முதலாளிக்கு அது போன வியாபாரம், வாங்க வந்தவருக்கு அநியாயம். இரண்டும் ஒரே எண்ணில் தெரிவதால் சண்டை குறையும்.

யாரும் தேர்ந்தெடுக்காத முறை

முதலில் கேட்டவருக்கு முதலில் என்பதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பதில்லை. வேறு முறை இல்லாத இடத்தில் தானாக நடப்பது அது. லோடு திங்கட்கிழமை இறங்குகிறது. குன்னூர் கடைப் பையன் அன்று மாலையே ஆட்டோவோடு வந்து நிற்கிறான். ஊட்டி வண்டி மறுநாள் காலை. கூடலூர், பந்தலூர் பக்கம் லைன் வண்டி வாரத்துக்கு ஒரு முறை, அதுவும் வியாழக்கிழமைதான். ஊட்டியிலிருந்து கூடலூருக்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் இறக்கம். மழை அதிகம் பெய்யும் ஊருக்கு மிச்சம்தான் போகும். இதை ஒப்பீட்டில் சேர்ப்பதே வீண். ஆனால் நிறைய இடத்தில் நடப்பது இதுதான் என்பதால் குறிப்பிட்டேன்.

சமமாகப் பிரித்தால்

ஆளுக்கு ஏறக்குறைய 27 ஜோடி. காதுக்கு நன்றாக இருக்கிறது, கேள்வியும் வராது. கோத்தகிரியில் ஏற்கெனவே 20 இருக்கிறது, நாளைக்கு அரை ஜோடி விற்கும் கடை அது. இதோடு 27 சேர்ந்தால் செப்டம்பர் தொடக்கம் வரை தாங்கும். கூடலூருக்குப் பதினோரு நாள். பந்தலூருக்குப் பதின்மூன்று நாள். அடுத்த லோடு வரும்போது கோத்தகிரி, குன்னூர், மஞ்சூர் மூன்றிலுமாகக் கிட்டத்தட்ட 50 ஜோடி நிற்கும்.

இதிலேயே கொஞ்சம் புத்திசாலியான வடிவம் ஒன்று உண்டு. எல்லாருக்கும் ஒரே உச்சவரம்பு; ஆனால் கேட்டதற்கு மேல் யாருக்கும் இல்லை. கோத்தகிரி "எனக்கு இந்த முறை வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் அதன் பங்கு மற்றவர்களுக்குப் பிரியும். மஞ்சூர் கேட்ட 30இல் நின்றுவிடும், மற்ற நால்வருக்கும் 32 அல்லது 33 வரும். இதில் ஒரு நல்ல குணம் இருக்கிறது. உச்சவரம்பில் நிற்பவர் கூட்டிக் கேட்டாலும் ஒரு ஜோடிகூட அதிகம் வராது, கேட்டது முழுசாகக் கிடைப்பவருக்குக் கூட்டிக் கேட்கத் தேவையே இல்லை, அதனால் யாரும் பொய் சொல்ல மாட்டார்கள். ஆனால் நாளைக்கு மூன்று விற்கும் கூடலூரும் ஒன்றரை விற்கும் குன்னூரும் இதன் கண்ணுக்கு ஒன்றுதான். கடைகளெல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு என்றால் இதை எடுத்துக்கொள்ளலாம். மலையில் அப்படி அமைவதில்லை.

கேட்டதற்கு ஏற்ற விகிதம்

மிக அதிகமாகப் புழங்குவது இதுதான். 400 கேட்டார்கள், 160 இருக்கிறது, எல்லாருக்கும் கேட்டதில் 40 சதவீதம். கூடலூருக்கு 40, பந்தலூருக்கு 24, மஞ்சூருக்கு 12, ஊட்டிக்கு 40, குன்னூருக்கு 32, கோத்தகிரிக்கு 12. கால்குலேட்டரில் ஒரு பெருக்கல், வேலை முடிந்தது. யாரையும் ஓரவஞ்சனை செய்ததாகவும் தெரியாது.

இந்த முறை தெரிந்துவிட்டால் அடுத்த தடவை என்ன நடக்கும் என்று பாருங்கள். ஊட்டி மேனேஜர் 100க்குப் பதில் 200 எழுதுகிறார். மொத்தக் கேட்பு 500 ஆகிறது, விகிதம் 32 சதவீதத்துக்கு இறங்குகிறது. ஊட்டிக்கு 64 போகிறது, 24 ஜோடி கூடுதல். கூடலூருக்கு 40 வரவேண்டியது 32 ஆகிறது, பந்தலூருக்கு 24 வரவேண்டியது 19. ஒரு பேனாக்கோடு போட்டதற்கு இவ்வளவு லாபம் என்றால், மூன்றாவது லோடுக்குள் ஆறு பேரும் 200 எழுதுவார்கள். அதைப் பார்த்து குடோன்காரர் கம்பெனிக்கு 1,200 ஜோடி ஆர்டர் போடுவார். வாங்குகிற கால் ஒன்றுகூட இதில் கூடவில்லை, காகிதம் மட்டும் ஊதியது. சப்ளைச் சங்கிலியில் சின்ன அசைவு மேலே போகப்போகப் பெரிதாவதற்கு நான்கு காரணங்களை ஹௌ லீ, பத்மநாபன், வாங் ஆகிய மூவரும் 1997இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் எடுத்துக் காட்டினார்கள். பற்றாக்குறைப் பங்கீட்டில் ஆடும் இந்த ஆட்டம் அந்த நான்கில் ஒன்று. ஆடுகிறவர்மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை. பங்கிடும் விதிதான் அவரை ஆடச் சொல்கிறது.

ஊதிய ஆர்டரைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கேட்ட எண்ணை நாள் விற்பனையால் வகுத்துப் பார்த்தால் போதும். மேலே உள்ள அட்டவணையில் கூடலூர், பந்தலூர், மஞ்சூர் மூவரும் ஏறக்குறைய 30 நாளுக்குத்தான் கேட்டிருக்கிறார்கள். அடுத்த லோடு நான்கு வாரத்தில் என்றால் அது யோக்கியமான எண். ஊட்டி 50 நாளுக்கும், குன்னூர் 53 நாளுக்கும், கோத்தகிரி 60 நாளுக்கும் கேட்டிருக்கின்றன. கையில் அதிகம் வைத்திருப்பவர்களும் இந்த மூவர்தான். இன்னோர் அடையாளம் பிறகு தெரியும். அடுத்த லோடு தாராளமாக வந்த அன்றே பழைய ஆர்டரை வேண்டாம் என்று போன் வந்தால், அது முதலிலேயே தேவையில்லாத ஆர்டர்.

இந்த முறையில் கடைசியில் நிற்பது 36 ஜோடி. ஏறக்குறைய முழுவதும் குன்னூரிலும் கோத்தகிரியிலும்.

போன வருட விற்பனைப்படி

ஆர்டரை நம்ப முடியாது, பில்லை நம்பலாம் என்று அடுத்து எல்லாரும் வருவது இங்கேதான். எனக்கும் ஆர்டரைவிட பில்மேல்தான் நம்பிக்கை. ஆனால் பில்லை அப்படியே எடுத்துக்கொண்டால் மூன்று இடத்தில் ஏமாற்றும்.

முதலாவது, இல்லாத நாள். போன ஜூனில் பந்தலூர் விற்றது 24 ஜோடி, மஞ்சூர் விற்றது 30. இதை மட்டும் பார்த்தால் பந்தலூர் சின்னக் கடை. பில் தேதிகளைப் பார்த்தால் வேறு கதை: பந்தலூரின் 24 ஜோடியும் முதல் 12 நாளிலேயே போய்விட்டன, மீதி 18 நாள் அலமாரி காலி. அதாவது நாளைக்கு 2. மஞ்சூரின் 30 மாதம் முழுக்கப் பரவியது, நாளைக்கு 1. கூடலூரும் இப்படித்தான், 60 ஜோடி 20 நாளில் முடிந்தது. போன ஜூன் விற்பனை விகிதத்தில் இந்த 160ஐப் பிரித்தால் பந்தலூருக்குக் கிடைப்பது 16 ஜோடி, எட்டு நாள் கதை. போன வருடம் குறைவாகக் கொடுத்தோம், அதனால் குறைவாக விற்றது, குறைவாக விற்றதால் இந்த வருடமும் குறைவாகக் கொடுக்கிறோம். பட்டினி கிடந்தவனின் தட்டைப் பார்த்து இவன் அரை வயிறுதான் சாப்பிடுவான் என்று எழுதி வைப்பதுபோல. எனவே மாத விற்பனையை 30ஆல் வகுக்கக் கூடாது. சரக்கு கையில் இருந்த நாட்களால் மட்டும் வகுக்க வேண்டும். கம்ப்யூட்டரில் தினசரி கையிருப்பு இல்லாவிட்டாலும் கடைசி பில் தேதி இருக்கும், அது போதும்.

இரண்டாவது, எந்த மாதம். ஒரே மாவட்டம்தான், ஆனால் மழை ஒன்றல்ல. கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழையின் முகத்துக்கு நேரே இருக்கிறது. பந்தலூருக்கு அருகிலுள்ள தேவாலா தமிழ்நாட்டிலேயே அதிக மழை வாங்கும் இடங்களில் ஒன்று. அந்த மேகம் தொட்டபெட்டா மலைத்தொடரைத் தாண்டி இறங்கும்போது குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் மிஞ்சுவது சாரல்தான். அவர்களுக்குப் பெரிய மழை அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவத்தில். முழு வருட விற்பனையை எடுத்துப் பங்கிட்டால் குன்னூரின் நவம்பர் விற்பனையைக் காட்டி ஜூன் சரக்கை வாங்கிக்கொண்டதாக ஆகும். மூன்று மாத சராசரியும் இங்கே உதவாது. மார்ச் முதல் மே வரை எல்லாக் கடையும் ஒரே மாதிரி மந்தம். அதே ஊர், அதே மாதம், அதற்கு முந்திய வருடங்கள் என்று எடுப்பதுதான் சரி.

மூன்றாவது, மொத்த பில். ஓர் எஸ்டேட் மேஸ்திரி ஒரே நாளில் 40 ஜோடி வாங்கியிருப்பார். அது அந்தக் கடையின் அன்றாட வேகம் அல்ல. அடுத்த வருடம் அவர் வேறு கடைக்கும் போகலாம். ஒரே பில்லில் ஒரு பெட்டிக்கு மேல் போனதைக் கழித்துவிட்டுத்தான் நாள் விற்பனை போட வேண்டும். அந்த மேஸ்திரிக்குத் தனியாகப் பேசி, அடுத்த லோடில் தேதி சொல்லிக் கொடுத்துவிடலாம்.

இந்த மூன்றையும் செய்யாமல் வெறும் ஜூன் பில்லை வைத்துப் பிரித்தால் கடைசியில் நிற்பது அதே 36 ஜோடி. ஆர்டரை நம்பிய முறையைவிட ஒரு ஜோடிகூட மேல் இல்லை. ஆனால் இந்த மூன்றையும் செய்தால் கிடைக்கும் எண்தான் அட்டவணையின் கடைசிப் பத்தி; அடுத்த முறைக்கு அது வேண்டும்.

தாங்கும் நாளைச் சமமாக்குதல்

எண்ணிக்கையைச் சமமாக்காமல் நாளைச் சமமாக்குவது. ஒவ்வொரு கடையிலும் இருக்கும் சரக்கும் நாம் அனுப்புவதும் சேர்ந்து, முடிந்தவரை ஒரே அளவு நாள் தாங்க வேண்டும். எந்த ஊர்க் கடைக்குள் நுழைந்தாலும் வாங்குகிறவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு ஒன்றாக இருக்கும் என்பதுதான் இதன் நியாயம். நான் இந்தப் பக்கம்தான்.

செய்முறை சமன்பாடு எதுவும் கேட்காது. பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் அந்த நேரத்தில் யாருக்கு நாள் குறைவோ அவருக்கு. தொடக்கத்தில் பந்தலூருக்கு 0 நாள், முதல் பெட்டி அங்கே. இப்போது அது 5 நாள் ஆகிறது. கூடலூர் 6 ஜோடியோடு 2 நாளில் நிற்கிறது, அடுத்த பெட்டி அதற்கு. பிறகு பந்தலூருக்கு, பிறகு கூடலூருக்கு என்று இரண்டும் மாறி மாறி வாங்கிக்கொண்டு 10 நாளை எட்டும்போதுதான் மஞ்சூருக்கும் ஊட்டிக்கும் முறை வருகிறது, ஏனென்றால் அவை தொடங்கியதே 10 நாளில். குன்னூர் 16 நாளில் தொடங்குகிறது, அதனால் அதன் முறை கடைசிப் பக்கம்தான். கோத்தகிரி 40 நாளில் இருக்கிறது, முறை வருவதே இல்லை.

14 பெட்டி முடியும்போது கூடலூருக்கு 6, பந்தலூருக்கு 4, மஞ்சூருக்கு 1, ஊட்டிக்கு 2, குன்னூருக்கு 1. இப்போது பந்தலூர், மஞ்சூர், ஊட்டி மூன்றும் சரியாக 20 நாளில் நிற்கின்றன. மீதி இரண்டே பெட்டி. யாருக்கு?

இந்த இடத்தில் கணக்கு கைவிட்டுவிடும், ஊர் அறிவு வேண்டும். ஊட்டிக்கு எப்போது வேண்டுமானாலும் ஒரு பெட்டியைப் பேருந்தில்கூடப் போட்டு விடலாம். மஞ்சூர் குந்தா பக்கம். 2019 ஆகஸ்ட் 8 அன்று ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டிய அவலாஞ்சி அந்த வட்டாரம்தான். பாதையில் மண் சரிந்தாலும் மரம் விழுந்தாலும் வண்டி போகாது, ஆனால் அந்த நாளில்தான் கம்பூட்ஸ் கேட்பார்கள். எனவே சமமாக நிற்கும்போது போக்குவரத்து கஷ்டமான கடைக்கே முதலில்: பந்தலூருக்கு ஒன்று, மஞ்சூருக்கு ஒன்று. முடிவில் கூடலூர் 6, பந்தலூர் 5, மஞ்சூர் 2, ஊட்டி 2, குன்னூர் 1. கோத்தகிரியைத் தவிர எல்லாரும் 20 முதல் 30 நாள் தாங்குவார்கள். அடுத்த லோடு வரும்போது நிற்பது மொத்தமே 8 ஜோடி, கோத்தகிரியில் 6, மஞ்சூரில் 2. கோத்தகிரியின் அந்த ஆறு ஜோடியை எடுத்து வந்து மாற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: வண்டிக் கூலியைக் கூட்டிப் பாருங்கள், அப்படியே கிடக்கட்டும்.

இந்த முறை உடைவது பெரும்பாலும் கையிருப்பு என்ற எண்ணில்தான். கூடலூரில் 6 ஜோடி இருப்பதாகக் கம்ப்யூட்டர் சொல்கிறது. அந்த ஆறும் பத்தாம் நம்பர் சைஸாக இருந்தால்? ஒரு கலப்புப் பெட்டியில் ஐந்தாம் நம்பர் ஒன்று, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது ஒவ்வொன்றிலும் இரண்டு, பத்து ஒன்று என்று வரும். கொழுந்து பறிக்கும் பெண்கள் அதிகமுள்ள ஊரில் ஐந்தும் ஆறும் முதலில் காலியாகும், பத்து அப்படியே நிற்கும். கண்டுபிடிக்க வழி: மற்ற கடைகளில் விற்பனை ஓடும் வாரத்தில் ஒரு கடையின் கையிருப்பு எண் மட்டும் அசையாமல் இருந்தால் அது விற்கிற சரக்கு அல்ல. போன் போட்டு, "ஆறாம் நம்பரும் எட்டாம் நம்பரும் இருக்கா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் கையிருப்பைப் பூஜ்யமாக எழுதுங்கள். அப்படி எழுதினால் கூடலூரும் 20 நாளில் வந்து நின்று அந்த இரண்டு பெட்டிக்கான போட்டியில் நாலாவது ஆளாகச் சேர்கிறது. நாளைக்கு மூன்று ஜோடி விற்கும் கடை அது, போக வர நேரம் பிடிக்கும் ஊரும்கூட. அப்போது நான் மஞ்சூரை விட்டுக் கூடலூருக்கும் பந்தலூருக்கும்தான் கொடுப்பேன். இதே காரணத்தால்தான் பெட்டியை உடைத்து ஐந்து ஐந்தாகப் பிரிக்கவும் கூடாது. உடைத்த பெட்டியில் எந்தக் கடைக்கும் சைஸ் வரிசை முழுசாக இருக்காது.

எல்லாவற்றையும் இன்றே அனுப்புவதா?

பங்கு முடிவான பிறகும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. குடோனில் கொஞ்சம் நிறுத்தி வைத்து, மழை எந்தப் பக்கம் எப்படி அடிக்கிறது என்று பார்த்துப் பத்து நாள் கழித்து அனுப்பலாமே? நிறுத்தி வைத்த பெட்டி எந்தக் கடைக்கும் போகலாம். கடைக்குப் போன பெட்டி திரும்பி வராது. நாள் விற்பனை என்பதே ஓர் ஊகம்தான் என்னும்போது இது நல்ல பாதுகாப்பு.

பலர் செய்வது எல்லாருக்கும் 70 சதவீதம் இப்போது, 30 பிறகு என்று. மலையில் அது சரிவராது. வாரம் ஒரு வண்டி போகும் ஊருக்கு நிறுத்தி வைப்பதும், அரை மணி நேரத்தில் போகும் ஊருக்கு நிறுத்தி வைப்பதும் ஒன்றல்ல. தூரக் கடைக்கு அதன் பங்கை முழுசாக முதல் வண்டியிலேயே அனுப்பிவிட வேண்டும். நிறுத்துவது பக்கத்துக் கடைகளின் பங்கில் மட்டும். இந்தக் கணக்கில் குன்னூருக்கு ஏற்கெனவே 16 நாள் இருக்கிறது, அதன் ஒரு பெட்டியும் குடோனிலேயே இருக்கலாம். ஊட்டிக்கு ஒன்று போகட்டும், ஒன்று நிற்கட்டும். ஆக 14 பெட்டி புறப்படும், 2 நிற்கும். பத்து நாள் கழித்து மறுபடி தாங்கும் நாளைப் போட்டுப் பார்த்து, யார் குறைவோ அவருக்கு. ஊட்டியில் மழை ஏமாற்றியிருந்தால் அந்தப் பெட்டி வியாழன் வண்டியில் கூடலூருக்கு ஏறும்.

இதற்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும்: நிறுத்தி வைத்ததற்குத் தேதி இருக்க வேண்டும். தேதி இல்லாத இருப்பு என்றால் யார் சத்தமாகப் போன் செய்கிறாரோ அவருக்குப் போய்ச் சேரும். முதலில் கேட்டவருக்கு முதலில் என்ற முறை பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

கடை நம்முடையதாக இல்லாதபோது

மேலே சொன்னதெல்லாம் ஒரே முதலாளியின் கிளைகளுக்கு. வாங்கி விற்கும் தனிக் கடைக்காரர்களுக்கு ஏஜென்சி பங்கிடும்போது கையிருப்பைக் கணக்கில் எடுப்பதில் ஒரு நியாயமான மறுப்பு வரும். கோத்தகிரிக் கடைக்காரர் பிப்ரவரியிலேயே தன் பணத்தைப் போட்டு 20 ஜோடி வாங்கி வைத்தவர் என்று வையுங்கள். "முன்யோசனையோட வாங்கி வச்சதுக்கு எனக்குத் தண்டனையா அண்ணாச்சி?" என்று அவர் கேட்டால் பதில் இல்லை. தண்டனை என்று தெரிந்தால் அடுத்த வருடம் யாரும் முன்கூட்டி வாங்க மாட்டார்கள், இருப்பதையும் மறைப்பார்கள். மாடியில் சாக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஏஜென்சிக்காரர் போய்ப் பார்க்கவா முடியும்?

அதனால் தனிக் கடைகளுக்கு நான் ஒன்றை மாற்றுவேன். பற்றாக்குறை அறிவித்த தேதிக்குப் பிறகு நாம் அனுப்பியதை மட்டும் கணக்கில் எடுப்பது. அதற்கு முன் அவர் சொந்தப் பொறுப்பில் வாங்கியது அவருடையது. அவர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை, நம் பில்லே போதும். நாள் விற்பனைக்கும் அவர் கடைப் பில் கிடைக்காது என்பதால், முந்தைய வருடங்களில் இதே பருவத்தில் நாம் அனுப்பியதையும் எவ்வளவு சீக்கிரம் மறு ஆர்டர் வந்தது என்பதையும் வைத்துத்தான் போட வேண்டும். கொஞ்சம் கரடுமுரடான எண்தான். ஆனால் அதை யாரும் பேனாவால் ஊதவைக்க முடியாது. கோத்தகிரிக்கு இதில் ஒரு பெட்டி கிடைக்கும். அதனால் விற்காமல் நிற்பது கொஞ்சம் கூடும். நம்பிக்கை கெடாமல் இருக்க அந்த விலை சரிதான் என்பது என் கணக்கு.

இரண்டு வகைக் கடைக்கும் பொதுவான ஒரு வேலை, அடுத்த லோடு வந்த அன்று செய்ய வேண்டியது. 400 கேட்டதில் 160 போக, 240 ஜோடி பாக்கி ஆர்டராகப் புத்தகத்தில் நிற்கும். அதை அப்படியே விட்டால் கம்ப்யூட்டர் புது லோடிலிருந்து முதலில் அதைத்தான் நிரப்பும். ஊதிய ஆர்டர்களெல்லாம் ஜூலை தொடக்கத்தில் உயிர்பெற்று எழும். பாக்கியை முழுசாக ரத்து செய்துவிட்டு, கையிருப்பை மறுபடி எண்ணி, புதிதாகக் கேட்கச் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் முடிந்து கூடலூர் பக்கம் வேகம் குறைந்ததும் அங்கே மிஞ்சிய முழுப் பெட்டிகளை, திரும்பி வரும் காலி லைன் வண்டியில் ஏற்றிச் செப்டம்பருக்குள் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் கொண்டுவந்துவிடலாம். அவர்களுக்கு மழை அப்போதுதான் தொடங்கப் போகிறது.